கடை வாடகை பேசக் கடிதம் கொடுத்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

துணிக்கடைக்காரன்
ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு கடை பார்த்தேன். சொந்தக்காரர் கனடாவில், சாவி இங்கே தம்பியாரிடம். மாதம் 75,000, ஒரு வருடம் என்றார். உள்ளே வெறும் சீமெந்துத் தரை, மூன்று ஏ.சி. தாங்காத கரண்ட். வாயால் பேசினால் தம்பியார் பாதியைத்தான் கனடாவுக்குச் சொல்லுவார் என்று ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்தேன்.

ஐந்து வருடம் இருக்கிறேன், முதல் இரண்டு வருடம் 68,000, பிறகு நீங்கள் கேட்ட 75,000 என்று எழுதினேன். ராக்கை, ஏ.சி., பெயர்ப்பலகை என் செலவு, போகும்போது கழற்றிக்கொண்டு போவேன். டைல்ஸ், வயரிங், திறீ பேஸ் மூன்றும் கட்டடத்தோடு நிற்பவை. அதற்கு 6 இலட்சம் வரும், மதிப்பீட்டையும் இணைத்தேன். முழுக்காசையும் நான் போடுகிறேன், பாதியை மாதம் 12,500 படி 24 மாத வாடகையில் கழியுங்கள், இடையில் எழுப்பினால் கழியாத மிச்சத்தைக் காசாகத் தாருங்கள் என்று கேட்டேன்.

சொந்தக்காரர் கழிவுக்கு ஓம் என்றார். வாடகை 72,000க்குக் கீழே வராது, அந்தக் கடைசி வரியை எடுக்க வேண்டும் என்றார். வாடகையில் இறங்கிப் போனேன், வரியை விடவில்லை. இரண்டு வருடத்தில் எனக்கு 96,000 கூடுகிறது, சரி. ஆனால் அந்த வரி இல்லாமல் ஆறாம் மாதம் எழும்பச் சொன்னால் 2,25,000 போயிருக்கும்.

சுன்னாகம் கடை
அதே கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஜே.பி.யின் முத்திரை குத்தினால் காணும். நான் அப்படித்தான் ஓடுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய கிளார்க்
பிரச்சினை வராதவரைக்கும்தான் தம்பி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டிலிருந்து சட்டம் அதுதான். கடிதம் பேச்சுவார்த்தைக்கு நல்லது, எழுத்தில் இருப்பதால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது. ஆனால் கழிவும் அந்த மிச்சக்காசு வரியும் உறுதிக்குள் ஏற வேண்டும். காணிக் கந்தோரில் பதிந்தும் விடுங்கள், நாளைக்குக் கடை கைமாறினால் உதவும். அதைவிட முதல் வேலை, தம்பியாரிடம் அற்றோனித் தத்துவம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தாலும் வாடகை வாங்க மட்டும் எழுதியிருப்பார்கள். குத்தகை எழுதும் அதிகாரம் அதில் சொல்லியிருக்க வேண்டும்.

கொக்குவில் அக்கா
நாங்களும் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம், கிணற்று மோட்டரும் மாற்றினோம். வீட்டுக்காரர் ஒரு சதம் கழிக்கவில்லை. இப்ப கேட்கலாமா?

பழைய கிளார்க்
செய்ய முதல் கேட்டிருக்க வேண்டும் பிள்ளை. இப்ப அவருடைய மனந்தான்.

துணிக்கடைக்காரன்
நன்றி ஐயா, தத்துவத்தின் பிரதி கேட்டிருக்கிறேன். இன்னும் ஒன்று இழுபடுகிறது. திறீ பேஸ் வந்த நாளிலிருந்து வாடகை என்கிறேன் நான், சாவி தந்த நாளிலிருந்து என்கிறார் அவர். இணைப்பு எடுக்கும் விண்ணப்பத்துக்கு அவருடைய கையெழுத்தும் வேண்டும், அது கனடாவிலிருந்து வர வேண்டும். அந்தத் தாமதத்துக்கு நான் ஏன் வாடகை கட்ட வேண்டும்? நடுவில் ஒரு நாளை வைத்து முடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.