ஃபேக்டரிங் கம்பெனி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, என்ட்ரி எப்படிப் போடுவது? அவசரம்

பனியன்கணக்கு:
வணக்கம். ஒரு பில் 10,50,000 (ஜிஎஸ்டி சேர்த்து). ஃபேக்டரிங்ல கொடுத்தோம், வங்கியில 8,07,450 வந்தது. மீதி 2,42,550-ஐ ‘ஃபேக்டரிங் செலவு’ன்னு போட்டு கஸ்டமர் கணக்கை நில் ஆக்கிட்டேன். இப்ப கஸ்டமர் பணம் கட்டலைன்னு நேத்து எங்க அக்கவுண்ட்ல 8,63,520 எடுத்துட்டாங்க. இதை எந்த லெட்ஜர்ல போடறது? கஸ்டமர் பேலன்ஸ் ஜீரோ. ஓனர் இன்னைக்கே கேக்கறார். டேலி பிரைம்.

லெட்ஜர் லதா:
ரீகோர்ஸ் உண்டா இல்லையா, அதாவது கஸ்டமர் கட்டலைன்னா உங்ககிட்ட வசூலிக்கலாமா? அட்வான்ஸ் எத்தனை சதவீதம்? வட்டியை முன்னாடியே பிடிச்சாங்களா, மாசாமாசமா? சாங்ஷன் லெட்டர் பார்க்காம யாராலும் சொல்ல முடியாது.

மெஷின்ஷாப் கோவை:
எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வரலை. டிரெட்ஸ்ங்கற ஆன்லைன் பில் சந்தையில பில்லை ஏத்துனோம், வாங்கினவங்க அக்செப்ட் பண்ணாங்க, பணம் வந்துது. அவங்க கட்டலைன்னாலும் நம்ம கிட்ட வர மாட்டாங்க. உங்க கம்பெனி எடுத்ததே தப்பு, கம்ப்ளெயின்ட் பண்ணுங்க.

லெட்ஜர் லதா:
டிரெட்ஸ்ல விற்பவர் மேல ரீகோர்ஸ் கிடையாது சார். அவர் நேரடியா ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டிருக்கார். ரெண்டும் வேற.

சீனியர்64:
அடிப்படையே தெரியாம கணக்கு எழுத உட்கார்ந்தா இப்படித்தான். 2,42,550 செலவுன்னா 23 சதவீதம். 23 சதவீதம் செலவு பண்ணி யாராவது பில்லை விப்பாங்களா? அதுலேயே சந்தேகம் வந்திருக்கணும். ஃபேக்டரிங்னா கடனை விக்கிறது. கஸ்டமர் கணக்கை மூடினது சரி. ஆனா பிடிச்சு வெச்ச தொகையைச் செலவுல போட்டது தப்பு. அதை ‘ஃபேக்டரிடமிருந்து வர வேண்டியது’ன்னு சொத்துப் பக்கம் வைக்கணும். அந்தப் பணத்தை அவங்ககிட்ட கேட்டு வாங்குங்க.

பனியன்கணக்கு:
சார், ரீகோர்ஸ் உண்டுன்னு லெட்டர்ல இருக்கு. அட்வான்ஸ் 80%. சர்வீஸ் சார்ஜ் பில்லில் 1%, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. வட்டி 12%, டியூ தேதி வரைக்கும் முன்னாடியே பிடிச்சாங்க. டியூவுக்கு அப்புறம் 2% சேர்த்து. பில் தேதி டிசம்பர் 24, 90 நாள் கிரெடிட். பணம் வந்தது ஜனவரி 10. எடுத்தது ஜூன் 5. பிடிச்சு வெச்ச பணத்தைக் கேக்கலாமா?

பேரேடு:
இப்ப கணக்கு தெளிவா வருது. அட்வான்ஸ் 8,40,000. அதுல சர்வீஸ் சார்ஜ் 10,500, அதன் ஜிஎஸ்டி 1,890. ஜனவரி 10-லிருந்து டியூ தேதியான மார்ச் 24 வரை 73 நாள். 12%-க்கு வட்டி 20,160. கழிச்சா 8,07,450, உங்க வங்கி வரவோட ஒத்துப்போகுது. ஆக நிஜச் செலவு 32,550 தான், அதுலயும் 1,890 இன்புட் கிரெடிட்.

மீதி 2,10,000 யாரும் பிடிச்சு வெச்ச பணம் இல்லை, இதைப் புரிஞ்சுக்கிட்டா போதும். கஸ்டமர் 10,50,000 கட்டியிருந்தா அதுலேருந்து ஃபேக்டரிங் கம்பெனி தன் 8,40,000-ஐ எடுத்துட்டு மீதி 2,10,000-ஐ உங்களுக்குக் கொடுத்திருக்கும். கஸ்டமர் ஒரு ரூபாயும் கட்டலை. அவங்ககிட்ட உங்க பணம் எதுவும் இல்லை, அதனால கேட்க எதுவும் இல்லை.

ஜூன் 5 டெபிட்டும் சரிதான். மார்ச் 24-லிருந்து இன்னொரு 73 நாள், 14%-க்கு 23,520. அதோட அசல் 8,40,000. கூட்டினா 8,63,520.

உங்களுக்கு ரீகோர்ஸ் இருக்கறதால வந்த பணத்தைக் கடனாப் பார்க்கறதே நல்லது. ஜனவரி 10-ல என்ட்ரி இப்படி இருந்திருக்கணும்:

வங்கி டெபிட் 8,07,450
ஃபேக்டரிங் கமிஷன் டெபிட் 10,500
இன்புட் ஜிஎஸ்டி டெபிட் 1,890
வட்டி டெபிட் 20,160
ஃபேக்டர் அட்வான்ஸ் கிரெடிட் 8,40,000

கஸ்டமர் கணக்கைத் தொடவே கூடாது. அவர் 10,50,000 பாக்கியோட அப்படியே இருப்பார். ஜூன் 5-ல ஃபேக்டர் அட்வான்ஸ் டெபிட் 8,40,000, வட்டி டெபிட் 23,520, வங்கி கிரெடிட் 8,63,520. அவ்வளவுதான். இனி கஸ்டமரை நீங்கதான் துரத்தணும்.

சீனியர்64:
கடனா? பில்லை அவங்க பேருக்கு மாத்தற அசைன்மென்ட்ல கையெழுத்துப் போட்டு கஸ்டமருக்கு நோட்டீஸும் போயாச்சு. சட்டப்படி அது விற்பனை. பில் டிஸ்கவுன்ட் பண்ணா டெப்டரை எடுத்துட்டு, திரும்பி வந்தா கட்ட வேண்டியதைக் கன்டிஞ்சன்ட் லயபிலிட்டியா குறிப்புல காட்டறதுதான் காலங்காலமா இருக்கற வழக்கம்.

பேரேடு:
காகிதத்துல விற்பனைதான். ஆனா கஸ்டமர் கட்டாத ரிஸ்க் இவங்ககிட்டயே நின்னுது, நேத்து வங்கியில பார்த்தாங்களே. இண்ட் ஏஎஸ் 109 கணக்கியல் விதி இந்த மாதிரி இடத்துல டெப்டரை எடுக்க விடாது. இவங்க நிறுவனத்துக்கு அது பொருந்தாம இருக்கலாம், ஆனா லாஜிக் அதேதான்.

உங்க வழியிலயும் கணக்கு டேலி ஆகும். ஜனவரியில 2,10,000-ஐ சொத்தா வெச்சா, ஜூன்ல கஸ்டமர் டெபிட் 10,50,000, வட்டி டெபிட் 23,520. வங்கி கிரெடிட் 8,63,520, ‘ஃபேக்டரிடமிருந்து வர வேண்டியது’ கிரெடிட் 2,10,000. முடிவு ஒண்ணுதான். ஆனா மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் மாறும். உங்க வழியில 8,40,000 கடன் கண்ணுக்கே தெரியாது. டியூ தாண்டி ஏழு நாள் ஆன பில்லுக்கு அப்படி மறைஞ்சிருந்தா பேங்க் மேனேஜர் என்ன கேட்பார்னு யோசிச்சுப் பாருங்க.

சீனியர்64:
மறைக்கறதுன்னு யார் சொன்னா? குறிப்புல காட்டணும்னு சொன்னேன். படிச்சுட்டுப் பதில் எழுதுங்க.

லெட்ஜர் லதா:
சார் ரெண்டு பேரும் நிறுத்துங்க, அவர் அவசரத்துல இருக்கார். போன வருஷ புக்ஸ் மூடியாச்சா, ஆடிட் முடிஞ்சதா?

பனியன்கணக்கு:
ஆடிட் இன்னும் ஆரம்பிக்கலை. ஜர்னல் போடட்டுமா?

பேரேடு:
போடாதீங்க. ஜனவரி 10 ரிசீட் வவுச்சரையே `Alter` பண்ணுங்க. ஜர்னல்ல கஸ்டமரை டெபிட் பண்ணா `New Ref` ஆகி, இன்னைக்குப் பிறந்த பில் மாதிரி ஏஜிங் ரிப்போர்ட்ல வந்து நிக்கும். வவுச்சரை மாத்தினா பழைய பில் டிசம்பர் 24 தேதியோடவே பாக்கியா வரும். ‘ஃபேக்டர் அட்வான்ஸ்’ லெட்ஜரை `Loans (Liability)` கீழ வைங்க.

ஜர்னல்தான் வேணும்னு ஆடிட்டர் சொன்னா: கஸ்டமர் டெபிட் 10,50,000, கமிஷன் டெபிட் 10,500, இன்புட் ஜிஎஸ்டி டெபிட் 1,890, வட்டி டெபிட் 20,160, ஃபேக்டர் அட்வான்ஸ் கிரெடிட் 8,40,000, பழைய ‘ஃபேக்டரிங் செலவு’ கிரெடிட் 2,42,550. ரெண்டு பக்கமும் 10,82,550. தேதி போன வருஷத்துலயே இருக்கணும். மார்ச் 24-லிருந்து 31 வரை ஏழு நாள் வட்டி, கிட்டத்தட்ட 2,255 ரூபாய், அதுவும் போன வருஷச் செலவு.

இன்னொண்ணு. இந்த பில் கேஷ் கிரெடிட் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல டெப்டர் லிஸ்ட்ல ஏறியிருக்கான்னு பாருங்க. ஃபேக்டர்கிட்ட இருக்கற பில்லைப் பேங்குக்கும் காட்டினா ஒரே பில்லுக்கு ரெண்டு இடத்துல கடன் வாங்கின மாதிரி.

ஜிஎஸ்டி கணேசு:
கஸ்டமர் கட்டலைன்னா கிரெடிட் நோட் போட்டு 50,000 ஜிஎஸ்டியை மீட்டுடுங்க. நாங்க அப்படித்தான் செய்யறோம். 180 நாள்ல கட்டலைன்னா அவங்க இன்புட்டை ரிவர்ஸ் பண்ணணும், அப்ப நமக்குத் திரும்பத்தானே வரணும்?

லெட்ஜர் லதா:
அந்த 180 நாள் விதி வாங்கினவருக்கு. அவர் ரிவர்ஸ் பண்றதால நம்ம வரி திரும்ப வராது. பணம் வராததுக்காக மட்டும் கிரெடிட் நோட் போட 34-வது பிரிவுல இடம் கிடையாது. சரக்கு திரும்பி வந்தாலோ, குறை இருந்தாலோ, வரியோ மதிப்போ கூடுதலா போட்டிருந்தாலோதான். நோட்டீஸ் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்.

ஜிஎஸ்டி கணேசு:
இதுவரை யாரும் கேக்கலை.

சீனியர்64:
கேக்காத வரைக்கும் எல்லாம் சரிதான் தம்பி.

பேரேடு:
பனியன்கணக்கு, கஸ்டமர் ஏன் கட்டலை? பணம் இல்லையா, சரக்கு சரியில்லைன்னு சொல்றாரா? இதைப் பொறுத்து அடுத்த என்ட்ரி மாறும்.

பனியன்கணக்கு:
கலர் ஷேட் மாறிடுச்சு, 200 பீஸ் ரிஜெக்ட்னு சொல்றார். ஓனர் ஒத்துக்கலை.

பேரேடு:
அப்ப மெஷின்ஷாப் சார் சொன்ன மாதிரி ரீகோர்ஸ் இல்லாத ஒப்பந்தமா இருந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டீங்க. அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் வழக்கமா கஸ்டமர் திவாலாகறதையும் பணம் இல்லாம கட்டாததையும்தான் ஏத்துக்கும். சரக்குத் தகராறுன்னா பில் உங்க தலையில திரும்பி வரும்.

இப்போதைக்கு பாக்கியை ரைட் ஆஃப் பண்ண வேண்டாம். எவ்வளவு சந்தேகமோ அந்த அளவுக்கு ஒதுக்கீடு போடுங்க. வருமான வரியில அந்த ஒதுக்கீட்டைக் கழிக்க முடியாது, புத்தகத்துல நிஜமா எழுதித் தள்ளினாத்தான் கிடைக்கும். 200 பீஸ் திரும்பி வந்தாலோ விலையைக் குறைச்சாலோ, அந்த அளவுக்கு மட்டும் ஜிஎஸ்டியோட கிரெடிட் நோட் போடலாம். அதுக்கு நவம்பர் 30 கெடு இருக்கு. சர்வீஸ் சார்ஜின் 1,890-க்கும் அதே கெடு, ஜிஎஸ்டி போர்ட்டல் 2பி-ல அவங்க இன்வாய்ஸ் வந்திருக்கான்னு பாருங்க. வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கூடுதல் 2%-ஐ அவங்க பீனல் சார்ஜ்னு எழுதியிருந்தாலும் ஜிஎஸ்டி கேட்டா கொடுக்காதீங்க, 2025 ஜனவரி சுற்றறிக்கை அதைத் தெளிவாக்கியிருக்கு.

ஃபேக்டர் பேங்கா, என்பிஎஃப்சியா?

பனியன்கணக்கு:
என்பிஎஃப்சி.

லெட்ஜர் லதா:
அப்ப வட்டிக்கு டிடிஎஸ் 10% பிடிச்சிருக்கணும். பேங்குக்கு விலக்கு, என்பிஎஃப்சிக்கு இல்லை. அவங்களே முன்னாடி கழிச்சுட்டதால நீங்க பிடிக்கலைன்னு நினைக்கறேன். முதல் வட்டிக்கு 2,016 ரூபாயைத் தாமத வட்டியோட ரிட்டர்ன் கெடுவுக்குள்ள கட்டிடுங்க, இல்லைன்னா அந்த வட்டிச் செலவுல 30% ஏத்துக்க மாட்டாங்க. கட்டின சர்டிஃபிகேட்டைக் கொடுத்து அந்த 2,016-ஐ அவங்ககிட்ட திரும்பக் கேட்கலாம்.

பில்லை உங்க பேருக்கே திருப்பித் தர்ற ரீஅசைன்மென்ட் லெட்டர் வாங்கினீங்களா? அசைன்மென்ட் நோட்டீஸ் இன்னும் உயிரோட இருந்தா, கஸ்டமர் ஃபேக்டருக்குக் கட்டினாத்தான் அவர் கடன் தீரும். நாளைக்கு அவர் மனசு மாறி அங்க கட்டிட்டா அதைத் திரும்ப வாங்க நீங்க அலையணும். அசைன்மென்ட்டைப் பதிஞ்சு வைக்கற செர்சாய்ல இருக்கற பதிவையும் நீக்கச் சொல்லுங்க.

பனியன்கணக்கு:
வவுச்சரை மாத்திட்டேன். கஸ்டமர் 10,50,000, ஃபேக்டர் நில், வங்கி மேட்ச். பழைய செலவுல 2,11,890 குறைஞ்சதும் லாபம் ஏறிடுச்சு, ஓனர் அட்வான்ஸ் டாக்ஸ் பத்திக் கேக்கறார். லெட்டர் லீகல் டீம்கிட்ட இருக்காம். நன்றி எல்லாருக்கும்.

லெட்ஜர் லதா:
லெட்டர் வந்ததா? அந்த 200 பீஸுக்கு கஸ்டமர் டெபிட் நோட் அனுப்பினாரா, வாய்ல மட்டும் சொல்றாரா?

மெஷின்ஷாப் கோவை:
ஒரு சந்தேகம். டிரெட்ஸ்ல எங்களுக்கு வட்டியை வாங்கினவங்களே கட்டறாங்க. அதுக்கு நாங்க டிடிஎஸ் பிடிக்கணுமா?