நாலு வயர் போட்டும் 1 மில்லிஓம் ஷன்ட் 3.9 காட்டுது, ஏன்?

கேள்விக்குறி: அவசரம். ஒரு ஷன்ட் 1 மில்லிஓம்தானான்னு பார்க்கணும். ஓம் ரேஞ்ச்ல 0.3 காட்டுச்சு, அது புரோப் வயரோடதுன்னு தெரியும். அதனால 1 ஆம்பியர் விட்டு, தனி வயர்ல வோல்டேஜ் அளந்தேன். 3.9 மில்லிவோல்ட் வருது. நாலு வயர்ல வயர் ரெசிஸ்டன்ஸ் போயிடும்னாங்களே? ஷன்ட் போச்சா?

வயர்மேன்: இவ்ளோ கஷ்டம் எதுக்கு ப்ரோ? புரோப் ரெண்டையும் முட்ட வச்சு REL அமுக்குங்க. வயரோடது கழிஞ்சிடும்.

பழைய_பெஞ்சு: மீட்டர் என்ன, ஷன்ட் என்ன, க்ளிப்பை எங்க கடிக்க வச்சீங்க, ஒண்ணும் சொல்லாம “போச்சா”ன்னு கேட்டா ஜாதகம்தான் பார்க்கணும். வயர்மேன், புரோப்பை அழுத்துற அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி தொடுற இடத்து ரெசிஸ்டன்ஸ் பத்து இருபது மில்லிஓம் மாறும். அளக்க வேண்டியதே 1 மில்லிஓம். REL எதைக் கழிக்கும்?

மோட்டார்_மணி: என் மோட்டார் வைண்டிங்கும் காலையில 0.80, ஓடவிட்டு நிறுத்தினா 0.87. இதுவும் வயர் பிரச்சினையா?

மில்லிவோல்ட்: மணி, அது சூடு. செம்பு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும், 22 டிகிரி கூடியிருந்தா அந்தக் கணக்கு வந்துடும். கேள்விக்குறி, அளக்கிற க்ளிப் ரெண்டும் சரியா எங்க இருக்கு? ஷன்ட் மேல என்ன எழுதியிருக்கு?

கேள்விக்குறி: 50A 50mV. ரெண்டு பக்கமும் பெரிய போல்ட், அதுல கரன்ட் க்ளிப். அந்த க்ளிப் மேலயே மீட்டர் க்ளிப்பையும் கடிக்க வச்சேன். மீட்டர் நாலரை டிஜிட், 10 மைக்ரோவோல்ட் வரை காட்டும்.

மில்லிவோல்ட்: ஷன்ட் நல்லாத்தான் இருக்கு. கரன்ட் க்ளிப்புல இருந்து போல்ட்டுக்குப் போற வழியில ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கு. நீங்க அதுக்கு வெளிய நின்னு அளக்குறீங்க. அப்போ அதோட வோல்டேஜும் கணக்குல சேருது, ரெண்டு பக்கமும் சேர்த்து 2.9 மில்லிஓம். வயர் நாலா இருந்தா போதாது, அளக்கிற ஜோடி கரன்ட் ஜோடிக்கு உள்பக்கம், நேரா ஷன்ட்டையே தொடணும். போல்ட்டுக்கு உள்ளே பித்தளைக் கட்டையில ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்குமே?

கேள்விக்குறி: இருக்கு. அடித்தட்டைப் பிடிக்கிற ஸ்க்ரூன்னு விட்டுட்டேன்.

மில்லிவோல்ட்: அதுதான் அளக்கிற இடம். கரன்ட் க்ளிப் வேண்டாம், போல்ட்டுல லக் வச்சு முறுக்குங்க. 5 ஆம்பியர் விடுங்க. 1 ஆம்பியர்ல 1 மில்லிவோல்ட்தான் வரும், உங்க மீட்டரோட கடைசி டிஜிட்டே அதுல 1 சதவீதம்.

வயர்மேன்: அளக்கிற வயரும் தடியா போடுங்க.

பழைய_பெஞ்சு: எதுக்கு? மீட்டர் உள்ளே 10 மெகாஓம். அந்த வயர்ல 1 ஓம் இருந்தாலும் கோடியில ஒரு பங்குதான் தப்பும். தலைமுடி மாதிரி வயர் போதும், தொடுற இடம் சுத்தமா இருந்தா சரி.

வயர்மேன்: அப்போ புரோப்பைத் திருப்பிப் போட்டு சராசரி எடுக்கச் சொல்றது எதுக்கு?

மில்லிவோல்ட்: அது வேற விஷயம். வேற வேற உலோகம் சேர்ற ரெண்டு இடத்துல சூடு வித்தியாசம் இருந்தா அதுவே பத்து, ஐம்பது மைக்ரோவோல்ட் தரும். மீட்டர் புரோப்பைத் திருப்பினா அதுவும் கூடவே திரும்பிடும், மீட்டரோட சொந்த ஆஃப்செட் மட்டும்தான் கழியும். கரன்ட்டைத் திருப்பணும். அப்போ ஷன்ட் வோல்டேஜ் மட்டும் குறி மாறும், மத்தது ரெண்டும் கழிஞ்சிடும்.

வயர்மேன்: கரன்ட்டை ஆஃப் பண்ணிட்டு மீதி வர்றதைக் கழிச்சாப் போதாதா?

மில்லிவோல்ட்: போதும், உடனே படிச்சா. ஆறிட்டா அந்த ஆஃப்செட்டும் மாறிடும்.

கேள்விக்குறி: சின்ன ஸ்க்ரூல மாட்டினேன். 5.00 ஆம்பியர்ல +5.09, திருப்பினா −4.97. சராசரி 5.03, அதாவது 1.006 மில்லிஓம். நன்றி.

பழைய_பெஞ்சு: அந்த 5.00 எதுல பார்த்தது? சப்ளை டிஸ்ப்ளேலயா? அதுவே 1 சதவீதம் தப்பலாம். அப்போ 1.006ல கடைசி ரெண்டு எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மில்லிவோல்ட்: உண்மைதான். தெரிஞ்ச ஷன்ட் இன்னொண்ணு இருந்தா ரெண்டையும் தொடரா மாட்டி, ரெண்டு வோல்டேஜோட விகிதத்தைப் பாருங்க. அப்போ கரன்ட் எவ்வளவுன்னு தெரிய வேண்டியதே இல்லை. கேள்விக்குறி, எதுல பார்த்தீங்க?

மோட்டார்_மணி: என் வைண்டிங்குக்கும் இதே மாதிரி 5 ஆம்பியர் விடலாமா?

மில்லிவோல்ட்: 1 போதும், 0.8 ஓம்ல 800 மில்லிவோல்ட் வந்துடுமே. ஒண்ணு மட்டும்: நிறுத்தும்போது முதல்ல மீட்டரைக் கழட்டுங்க, அப்புறம் கரன்ட்டை மெதுவா பூஜ்யத்துக்கு இறக்குங்க. கரன்ட் ஓடும்போதே கரன்ட் வயரைப் பிடுங்கினா சுருள் உதைக்கிற வோல்டேஜ் மீட்டர் வழியாத்தான் போகும்.

மோட்டார்_மணி: ஐயோ, நேத்து அப்படியே பிடுங்கினேன். இப்போ மீட்டர் OL மட்டும்தான் காட்டுது.