புதுப்பிப்பு: பழைய சேவ் ஃபைல் கதை, தேதிக் குழப்பம்

முன்பு கேட்டது: "கதையில் 15 வயதுப் பெண், அண்ணன் 2009இல் விளையாடிய சேவ் ஃபைலை வீட்டுக் கணினியில் பார்க்கிறாள். கணினி வாங்கியதோ 2016. ஃபைல் 2009 என்று காட்டுமா?"

காட்டும். "காப்பி செய்தாலே தேதி புதிதாகிவிடும்" என்றவர் சொன்னது பாதி சரி. விண்டோஸில் பழைய டிஸ்கிலிருந்து நேராகக் காப்பி செய்தால் Date created மட்டும் 2016 ஆகும், Date modified 2009ஆகவே நிற்கும். மின்னஞ்சலில் அனுப்பி இறக்கிய ஃபைல்களில்தான் இரண்டுமே பெரும்பாலும் புதிதாகிவிடும். அவர் பார்த்தது அதுவாக இருக்கலாம்.

ஆக, Properties திறந்தால், உருவான தேதிக்கு 7 ஆண்டு முன்பே திருத்தப்பட்ட ஃபைல்! கதைக்கு இதைவிட நல்ல திருப்பம் வேண்டாம்.

ஒருவர் அழிந்த ஃபைலை மீட்கும் மென்பொருள்களை அடுக்கினார். நன்றி, ஆனால் இங்கே எதுவும் அழியவில்லை. சேவ் ஃபைல் இருந்த AppData மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

விவரம் தெரிந்த ஒருவர் காட்டிய ஓட்டைதான் பெரிது. என் வரைவில் அவள் உடனே ஆட்டத்தைத் திறக்கிறாள். ஆட்டோசேவ் அதே ஃபைல்மேல் எழுதினால், அண்ணன் நிறுத்திய இடமும் போகும், 2009உம் போகும். எனவே முதலில் ஃபைலைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்கிறாள், பிறகே திறக்கிறாள்.

அந்தக் காலத்து ஆட்டம் புதிய விண்டோஸில் ஓடுமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சில பழைய சிடி ஆட்டங்களில் காப்பி செய்வதைத் தடுக்க வைத்த பூட்டை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. அந்தக் காட்சியை இன்னும் எழுதவில்லை.