திறப்பு வீதமா, திறந்தோர் வீதமா?

கொக்குவிலிலிருந்து:
வணக்கம். பனம் பொருட்களை வெளிநாட்டுத் தமிழருக்கு விற்கும் எங்கள் கூட்டுக்காக, மின்னஞ்சல் மென்பொருளின் அறிக்கைப் பக்கத்தைத் தமிழாக்குகிறேன். ஓப்பன் ரேட்டுக்குத் ‘திறப்பு வீதம்’ என்று போட்டேன். கடைசி மடலை 420 பேருக்கு அனுப்பினோம், 20 திரும்பி வந்தன. திறந்தவர்கள் 200, அதாவது 50 வீதம். ஆனால் மொத்தத் திறப்பு 310 என்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் சரிவராது.

சுன்னாகத்திலிருந்து:
400 பேருக்குப் போய்ச் சேர்ந்து பாதிப்பேர் வாசித்திருக்கிறார்கள். ‘வாசிப்பு வீதம்’ என்றே சொல்லுங்கள் தங்கச்சி. ‘விகிதம்’ மட்டும் வேண்டாம், அது இங்கே 3:2 போன்றதற்குத்தான்.

திருநெல்வேலியிலிருந்து:
வீதம் சரி அண்ணை, வாசிப்பு கூடாது. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் இருக்கும். அது வழங்கியிலிருந்து இறங்கினால் ‘திறந்தார்’ என்று பதிவாகும், அவ்வளவுதான். 2021 செப்டெம்பரிலிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமைக் காப்பை இயக்கியவர்களுக்கு, அவர்கள் மடலைத் தொடாவிட்டாலும் ஆப்பிளே படத்தை இறக்கிவிடுகிறது. படங்களைத் தடுத்து வைத்திருப்பவரோ முழுதும் வாசித்தாலும் கணக்கில் வரமாட்டார்.

தங்கச்சி, அந்த 200 பேரில் எத்தனை பேர் ஆப்பிள் மெயில்?

கொக்குவிலிலிருந்து:
120. அப்படியென்றால் மிச்சம் 80, உண்மையில் 20 வீதமா?

திருநெல்வேலியிலிருந்து:
இல்லை. மேலே கழித்தால் கீழே 400-இலிருந்தும் ஆப்பிள்காரர்களைக் கழிக்க வேண்டும். பட்டியலில் அவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று அறிக்கை சொல்லாது. இணைப்பைச் சொடுக்கியவர்களைப் பாருங்கள், அது வாங்க வந்தவர்களுக்கு இன்னும் கிட்டவான கணக்கு. ஆட்களுக்குத் ‘திறந்தோர் வீதம்’, தடவைகளுக்குத் ‘திறப்புகள்’ என்று பிரிக்கலாம். பக்கத்தில் ‘படம் இறங்கியதை வைத்துக் கணக்கிட்டது’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

பருத்தித்துறையிலிருந்து:
அன்சப்ஸ்கிரைபுக்குச் ‘சந்தா நீக்கம்’ என்று தயவுசெய்து போடாதீர்கள். எங்கள் பழைய மாணவர் சங்க மடலில் அதைப் பார்த்த ஒரு பெரியவர், “சந்தா கட்டியிருக்கிறேனே, ஏன் நீக்கினீர்கள்?” என்று தொலைபேசியில் கேட்டார். இன்னொருவர் கனடாக் கிளைச் செய்தி மட்டும் வேண்டாம் என்று அழுத்தினார், அப்புறம் ஒரு மடலுமே அவருக்குப் போகவில்லை.

திருநெல்வேலியிலிருந்து:
பல கருவிகளில் அப்படித்தான் ஐயா. கனடாக் கிளை என்பது தனிப் பட்டியல் அல்ல, ஒரே பட்டியலில் ‘நாடு கனடா’ என்று வடிகட்டியது. விலகுபவர் முழுப் பட்டியலிலிருந்தே விலகுகிறார். ஆகவே ‘பட்டியலிலிருந்து விலகியோர்’ என்று நீட்டியே எழுதுவோம். இப்படி வடிகட்டி எடுக்கும் செக்மெண்டுக்குத் ‘துண்டம்’ பொருந்தாது. கனடாவில் இருப்பவர் முன்பு வாங்கியவராகவும் இருப்பார், வெட்டிய துண்டங்கள் அப்படி ஒன்றன்மேல் ஒன்று படியாது. ‘பிரிவு’ என்கிறேன்.

கொக்குவிலிலிருந்து:
‘திறந்தோர் வீதம்’, ‘விலகியோர்’ இரண்டையும் போட்டுவிட்டேன். பக்கத்தின் பகுதிகளுக்கு ஏற்கெனவே ‘பிரிவு’ என்றிருக்கிறது அண்ணை. செக்மெண்டுக்கு வேறொன்று வரும்வரை அந்த வரியை வெறுமையாக விடுகிறேன்.