டையிங்குக்கு துணி அனுப்பறப்போ டிசில திரும்பி வர்ற தேதி, லாஸ் எழுதறீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

பனியன்காரன்:
திருப்பூர்ல சின்ன யூனிட் நம்மளது. சாயம் போடாத கிரே துணிய சாயத்துக்கு அனுப்பறப்போ கூடவே போற டெலிவரி சலான், அதான் டிசில ரெண்டு வரி சேத்து எழுதறேன், ஒண்ணு எப்ப திரும்பி வரணும்ங்கற தேதி, இன்னொண்ணு ப்ராசஸ் லாஸ் எத்தன சதவீதம் வரைக்கும் ஒத்துக்குவோம்ங்கறது. ஜிஎஸ்டில இந்த ரெண்டும் கட்டாயம் இல்ல, நம்பர், தேதி, ரெண்டு பேரோட அட்ரஸ், ஜிஎஸ்டின், எச்எஸ்என், எடை, மதிப்பு, கையெழுத்து இருந்தா போதும். ஆனா இந்த ரெண்டு வரிதான் பின்னாடி சண்டை வராம காப்பாத்துது, அதோட ஒரு விஷயம் கத்துக்கவும் குடுத்துச்சு, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு லாட் 1000 கிலோ காட்டன் சிங்கிள் ஜெர்சி, 40 ரோல், ரோலுக்கு 25 கிலோ. மதிப்பு கிலோவுக்கு 320 ரூபான்னு போட்டு 3,20,000. தமிழ்நாட்டுக்குள்ள 1 லட்சத்துக்கு மேல போனா ஈவே பில் வேணுங்கறதால அதுல ஜாப் ஒர்க்னு எடுத்து டிசி நம்பரை போட்டாச்சு. லாஸ் 6 சதவீதம்னு டிசிலயே எழுதிருந்தோம், அப்ப 940 கிலோ வரணும். சாயம் போட்டு, துணிய சூடாக்கி சுருக்கற காம்பாக்டிங்கும் முடிஞ்சு சாயங்காலம் வண்டி வந்துச்சு, எங்க தராசுல 920 தான் காட்டுது. 20 கிலோ ஷார்ட்டேஜ், 6,400 ரூபா, டெபிட் நோட் போடலாம்னு ஸ்டோர்ல சொன்னாங்க. நான் ரோலைத் தொட்டுப் பாத்தேன், உள்பக்கம் இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு, ஓரம் மொறுமொறுன்னு அப்பளம் மாதிரி இருந்துச்சு. சரின்னு டெபிட் நோட்டை நிறுத்தி வச்சிட்டு ரோலை எல்லாம் அவுத்து ராக்குல விட்டோம். காலைல எடை போட்டா 23 கிலோ ரோல் 23.6 ஆகிருக்கு, மொத்தம் 944. அதாவது பட்டறைக்காரர் 4 கிலோ அதிகமாவே குடுத்திருக்கார்.

பஞ்சு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அது இவ்வளவு எடையா வரும்னு யாரும் கணக்குல எடுக்கறதில்ல. முழுசா காய்ஞ்ச 100 கிலோ பருத்தி சாதாரணமா எட்டு எட்டரை கிலோ தண்ணிய வச்சிருக்கும். காம்பாக்டர்ல இருந்து சூடா வர்ற துணில அது பாதிதான் இருக்கும். அதனால இப்ப டிசில லாஸ் வரிக்குக் கீழ இன்னொரு வரி எழுதறோம், “துணி இறங்கி மறுநாள் எடை போட்டு கணக்கு”. நீங்கல்லாம் எப்படி எழுதறீங்க?

ராஜாமணி:
அண்ணா இதுல எதுக்குங்க தேதி, கவர்மெண்டே 1 வருஷம் டைம் குடுத்திருக்கு. நான் எல்லா டிசிலயும் 1 வருஷம்னு அச்சடிச்சே வச்சுட்டேன், ஒரு ப்ராப்ளமும் வந்ததில்ல. லாஸும் ஆடிட்டர் பாத்துக்குவார்.

கணக்குப்பிள்ளை கவிதா:
ராஜாமணி அண்ணா சொல்ற 1 வருஷம் சரிதான், ஆனா அது அரசாங்கத்துக்கும் நமக்கும் உள்ள கணக்கு. துணி அனுப்புன நாள்ல இருந்து 1 வருஷத்துக்குள்ள திரும்பி வரலைன்னா, அனுப்புன அன்னிக்கே வித்ததா எடுத்துக்குவாங்க, டேக்ஸும் அன்னில இருந்து 18 சதவீத வட்டியும் கட்டணும். வித்த பார்ட்டி நேரா பட்டறைக்கு இறக்கிட்டா மட்டும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்த நாள்ல இருந்து கணக்கு. அதுக்காக பட்டறைக்காரருக்கு 1 வருஷம்னு எழுதிக் குடுத்தா அவரு நம்ம லாட்டை கடைசில தான் போடுவாரு, ஏன்னு கேக்க நமக்கு பேப்பர் இருக்காது. டிசில இருக்கற தேதி நமக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. ரெண்டையும் ஒண்ணாக்க வேண்டாம்.

லாஸை ஆடிட்டர் பாத்துக்கறதுன்னா எதை வச்சுப் பாப்பாரு சொல்லுங்க. ஜாப் ஒர்க் கணக்கு காட்டற ஐடிசி-04 ஃபார்ம்ல போன எடை, வந்த எடை, லாஸ்னு தனித்தனி கட்டம் இருக்கு. டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேலன்னா 6 மாசத்துக்கு ஒரு தடவ, அதுக்குக் கீழன்னா வருஷத்துக்கு ஒரு தடவ போடறோம். நாங்க ஒரு தடவ ஆடிட்ல மாட்டுனது இதுலதான், லாட்டுக்கு லாட் லாஸ் ஒவ்வொரு மாதிரி இருக்கு, ஏன்னு கேட்டாங்க. டிசில ஷேடும் லாஸ் சதவீதமும் எழுதிருந்த லாட்டை எல்லாம் ஒரே நிமிஷத்துல தாண்டிட்டாங்க, எழுதாத லாட்டுல ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் எழுதிக் குடுத்தோம். 2021ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு ஒரு ஸ்டீல் கேஸ்ல, தயாரிப்புல தானா வர்ற இழப்புக்கு, வாங்கறப்ப கட்டுன டேக்ஸுக்கு எடுத்த கிரெடிட்டை, அதாவது ஐடிசிய திருப்ப வேண்டாம்னு சொல்லிருக்கு, ஆனா அது தானா வந்த இழப்புதான்னு காட்டறது நம்ம பொறுப்பு. பனியன்காரன் அண்ணா, அந்த 944 எடையையும் ஒரு ஸ்லிப் போட்டு டிசியோட சேத்து வையுங்க, இல்லன்னா வெறும் 920 ஸ்லிப்தான் ஃபைல்ல நிக்கும்.

லேத்பட்டறை:
நாங்க கோவைல பித்தளை ராடு டர்னிங்குக்கு வெளிய குடுக்கறோம். எங்களுக்கும் இதேதான். 100 கிலோ ராடு போனா 62 கிலோ பீஸ் வரும், மிச்சம் சுருள்தான். அந்த சுருளை ஜாப் ஒர்க்கரே வச்சுக்கிட்டு கூலில கழிச்சுக்கறாரு. இத டிசில எத்தன சதவீத லாஸ்னு எழுதணும்?

கணக்குப்பிள்ளை கவிதா:
அது லாஸ் இல்லீங்க, உங்க ஸ்கிராப். துணில போனது சாயத்தண்ணியோட போயிருச்சு, கண்ணுல படாது. உங்க சுருள் கண்ணு முன்னாடி கெடக்குது, அதுக்கு விலை இருக்கு. சுருள் திரும்பி வரணும், இல்ல ஜாப் ஒர்க்கர் ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் ஆனவரா இருந்தா அவரே டேக்ஸ் போட்டு விக்கலாம், இல்லாதவர்னா நீங்க டேக்ஸ் போட்டு விக்கணும். டிசில 62 கிலோ பீஸ், இத்தன கிலோ சுருள்னு ரெண்டா எழுதுங்க, கண்ணுக்குத் தெரியாத இழப்புக்கு தனியா கொஞ்சம் விடுங்க. கூலில கழிக்கறதுல கூலியோட மதிப்பே மாறுது, அத எப்படிக் காட்டறதுங்கறதுல எங்க ஆஃபீஸ்லயே ரெண்டு கருத்து இருக்கு.

லேத்பட்டறை:
சுருள்ல கூலண்ட் எண்ணெய் ஒட்டிட்டு வருது, எடை கூடவே காட்டும். பனியன்காரரோட ஈரம் மாதிரிதான் போல. வடிய விட்டு எடை போடச் சொல்லணும்.

சாயப்பட்டறை:
நான் மறுபக்கம். நம்மகிட்ட வர்ற டிசில 6 சதவீதம்னு எல்லா ஷேடுக்கும் ஒரே நம்பர் எழுதி வருது, அதுலதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. கிரே துணில மெழுகு, நிட்டிங் எண்ணெய், பஞ்சோட அழுக்கு எல்லாம் இருக்கு, ஸ்கவரிங்ல அது போகும். வெள்ளைக்கும் லைட் ஷேடுக்கும் நல்லா ப்ளீச் பண்ணனும், அதுல இன்னும் கொஞ்சம் போகும். பயோ வாஷ் கேட்டா என்சைம் மேல இருக்கற சின்ன நாரை எல்லாம் தின்னுரும், அது தனி லாஸ். டார்க் ஷேடுல பாருங்க, சாயமே துணில ஏறி உக்காந்துக்கும், அதனால லாஸ் கம்மியாத் தெரியும். நேவிக்கும் வெள்ளைக்கும் ஒரே 6 போட்டா நேவில நமக்கு லாபம், வெள்ளைல நமக்கு நஷ்டம், இதுல யாருமே ஏமாத்தல, டிசி சரியா எழுதலைங்க அவ்வளவுதான்.

அப்புறம் அனுப்பறப்ப இருக்கற ஈரத்தை யாரும் பாக்கறதில்ல. மழைக்காலத்துல நிட்டிங்ல இருந்து நேரா வண்டில ஏத்தி விடறாங்க, கிரே துணியே ஈரத்தோட எடை கூட இருக்கும், அந்த எடைலதான் டிசி போடறாங்க. அத நாங்க காயவச்சு குடுத்தா லாஸ் எங்க தலைல. நான் இப்ப இறக்கறப்பவே ரெண்டு ரோல்ல ஈரமானி வச்சுப் பாத்து டிசி காப்பிலயே எழுதி டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கிடறேன்.

தேதி விஷயத்துல இன்னொண்ணு. டிசி தேதில இருந்து 10 நாள்னு எழுதிட்டு சாம்பிளுக்கு ஷேடு போட்டுக் காட்டற லேப் டிப்பை அப்ரூவ் பண்ண நாலு நாள் எடுத்துக்கறாங்க. துணி எங்க ஷெட்ல சும்மா கெடக்கும், பத்தாவது நாள் போன் வரும். தேதி எழுதறதுல தப்பில்ல, ஆனா “ஷேட் ஓகே ஆன நாள்ல இருந்து 7 நாள்”னு எழுதுங்க, ஓகே ஆன நாளை மெசேஜ்ல அனுப்புங்க. நாங்க காம்பாக்டிங் வெளிய குடுக்கறப்ப உங்க டிசிலயே எடையும் விவரமும் எழுதி கையெழுத்து போட்டு அனுப்பலாம், அதுக்கும் ஒரு நாள் போகும்.

பனியன்காரன்:
நன்றிங்க, ஷேடு வாரியா எழுதறது நியாயமா இருக்கு. ஆனா ஷேட் ஓகே ஆன நாள்ங்கறப்ப எனக்கு ஒரு பயம், ஓகேவே தள்ளிப் போயிட்டா தேதி கடைசி வரைக்கும் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ரெண்டு தேதியும் எழுதலாம்னு நினைக்கறேன், ஷேட் ஓகேல இருந்து 7 நாள், எப்படி இருந்தாலும் இந்தத் தேதிக்கு மேல போகக்கூடாதுன்னு ஒண்ணு.

சாயப்பட்டறை:
ரெண்டாவது தேதி உங்க ஓகே தாமதத்தால தாண்டுனா எங்களுக்கு பெனால்டி இல்லன்னு அதே வரில எழுதுனா நான் கையெழுத்து போடறேன்.

ராஜாமணி:
சரி, 1 வருஷம்னு அச்சடிச்சது இன்னும் மூணு புக்கு இருக்கு, அத என்ன பண்றது. கைல எழுதிக்கலாமா?

கணக்குப்பிள்ளை கவிதா:
எழுதிக்கலாம், ஆனா மூணு காப்பிலயும் ஒரே மாதிரி எழுதுங்க. ஒரிஜினல் பட்டறைக்கு, டூப்ளிகேட் வண்டிக்கு, ட்ரிப்ளிகேட் உங்களுக்கு. உங்க காப்பில மட்டும் எழுதிருந்தா அது ஒத்துக்கிட்ட பேச்சாகாது.

பனியன்காரன்:
இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு. லாஸ் உண்மையிலயே தாண்டிருச்சுன்னா எந்த ரேட்ல பிடிக்கறது? நான் கிரே ரேட் 320ல பிடிக்கணும்னு சொல்றேன், என் தம்பி சாயம் போட்ட துணி ரேட்ல பிடிக்கணும்ங்கறான், அதுல டையிங் கூலியும் சேந்துருது.

சாயப்பட்டறை:
வராத துணிக்கு நாங்க பில்லே போடலன்னா கூலிய எப்படிங்க பிடிப்பீங்க? கிரே எடைக்கு பில் போடற பட்டறைன்னா உங்க தம்பி சொல்றதுல அர்த்தம் இருக்கு. நாங்க திரும்பிக் குடுத்த எடைக்குத்தான் போடறோம். எந்த எடைக்கு பில்லுங்கறதையும் டிசிலயோ ஆர்டர்லயோ எழுதிக்குங்க.

லேத்பட்டறை:
எங்க லைன்ல ராடு ரேட்ல தான் பிடிக்கறாங்க. ஆனா பித்தளை விலை ஏறி எறங்குது, அனுப்புன அன்னி ரேட்டா, பிடிக்கற அன்னி ரேட்டான்னு ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க. இதுக்கு யாராவது டிசில ரேட் போட்டு அனுப்பறீங்களா?