புது பாடநூலுக்குப் பட்டறை: பின்னூட்டப் பணி எப்படி வைக்கிறது? அவசரம்

பட்டர்வொர்த் டீச்சர்
வணக்கம் எல்லாருக்கும். அடுத்த வாரம் பள்ளியில சக ஆசிரியர்களுக்கு நான் பட்டறை நடத்தணும். புது பாடநூலை எப்படிப் பயன்படுத்துறதுன்னு காட்டணும், அதுல தெளிவான பின்னூட்டப் பணி ஒண்ணு கட்டாயம் இருக்கணும்னு தலைமையாசிரியர் சொல்லிட்டாரு. யார்கிட்டயாவது ஸ்லைடு இருந்தா அனுப்புங்க, ப்ளீஸ்.

செந்தூல்வாசி
எந்தப் பாடம்? எந்த ஆண்டு? எத்தனை பேர், எவ்வளவு நேரம்? இதைச் சொல்லாம ஸ்லைடு கேட்டா எதை அனுப்புறது டீச்சர்?

மல்லிகா அக்கா
பின்னூட்டம்தானே, ரொம்ப சுலபம் லா. கூகிள் ஃபாரம் ஒண்ணு செஞ்சு கடைசியில கியூஆர் காட்டுங்க. "பட்டறை பயனாக இருந்ததா", ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும். எங்க பள்ளியில எல்லா லாடாப் உள்பயிற்சிக்கும் அப்படித்தான், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்.

கரும்பலகை
இந்த மாதிரிக் கேள்வி வருசா வருசம் வருது. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டுக் கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. பாடநூல் ஒரு துணைக்கருவி, அவ்வளவுதான். முதல்ல பாடத்திட்ட ஆவணமான டிஎஸ்கேபியைத் திறந்து, நூலின் ஒவ்வொரு பக்கமும் எந்தக் கற்றல் தரத்துக்குப் போகுதுன்னு அட்டவணை போடச் சொல்லுங்க. அதுதான் பட்டறை. மத்ததெல்லாம் விளையாட்டு.

பட்டர்வொர்த் டீச்சர்
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். தமிழ்மொழி, இரண்டாம் ஆண்டு. தமிழாசிரியர் குழுவான எங்க பணித்தியத்துல என்னோட சேர்த்து 9 பேர், அதுல மூணு பேர் ரொம்ப சீனியர். பள்ளி முடிஞ்சு 90 நிமிசம். மல்லிகா அக்கா, தலைமையாசிரியர் கேட்கிறது பட்டறையைப் பத்தின கருத்து இல்ல. ஆசிரியர்கள் ஒருத்தர் பாடத்தைப் பார்த்து இன்னொருத்தர் பின்னூட்டம் சொல்லணுமாம்.

மாடி வகுப்பு
அப்படின்னா ஸ்லைடே தேவையில்ல டீச்சர். 90 நிமிசத்துல முழு நூலையும் புரட்டிக் காட்டினா, மூணாவது அலகு வர்றதுக்குள்ள எல்லாரும் கைப்பேசியில புலனத்தைத் திறந்திருவாங்க. நூல்ல ரெண்டே ரெண்டு பக்கம் எடுங்க. அதுவும் பாடம் தடுக்கி விழுற பக்கமா இருக்கணும்.

சந்தைப் படம் ஒண்ணு, கீழே ஒரு உரையாடல், அடுத்த பக்கத்துல "படத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக"ன்னு இருக்குன்னு வச்சிக்குவோம். படம் பார்க்கிறதுக்கும் அஞ்சு வாக்கியம் எழுதுறதுக்கும் நடுவுல நூல் ஒண்ணுமே தரல. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அங்கதான் நின்னு போகும். அந்த இடைவெளியை ஆசிரியர் எப்படி நிரப்பப் போறாருங்கிறதுதான் பட்டறைக்கான கேள்வி.

உங்களைத் தவிர 8 பேர். நாலு சோடியா அந்தப் பக்கத்துக்குப் பத்து நிமிசப் பாடம் ஒண்ணு திட்டமிடட்டும், 20 நிமிசம் போதும். அதுல ஒரு சோடி நடத்தட்டும், நாலு பேர் மாணவரா உட்காரட்டும், மிச்சம் ரெண்டு பேர் பார்வையாளர். அந்த ரெண்டு பேர் கையில மட்டும் ஒரு சீட்டு. அதுல மூணு வரி: மாணவர் என்ன செஞ்சாங்க, எந்த இடத்துல நின்னாங்க, அடுத்த தடவை எந்த ஒரு விசயத்தை மாத்தலாம். ஆசிரியரைப் பத்தி ஒரு வரிகூட கிடையாது, கவனிச்சீங்களா? "நல்லா நடத்துனீங்க, இன்னும் ஆர்வமூட்டியிருக்கலாம்" மாதிரி எழுத அங்க இடமே இருக்காது.

பட்டறை தொடக்கத்துலயே மாதிரி ஒண்ணு காட்டிடுங்க: "படத்தைக் காட்டி நாலு கேள்வி கேட்டீங்க, நாலுக்கும் ஒரே ஆள்தான் பதில் சொன்னாரு. எழுதச் சொன்னப்ப மூணு பேர் பென்சிலையே எடுக்கல. எழுதுறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு வாக்கியம் சொல்ல வச்சுப் பாருங்க." இதைப் படிச்சா நாளைக்கு என்ன மாத்தணும்னு தெரியும்.

பாடம் முடிஞ்சதும் அஞ்சு நிமிசம் பேச்சில்லாம எழுதட்டும். அப்புறம் நடத்துனவர் முதல்ல பேசட்டும், பார்வையாளர் பிறகு. கடைசியா அதே சோடி அந்த ஒரு மாற்றத்தோட அதே இடத்தை மறுபடி அஞ்சு நிமிசம் நடத்தணும். இந்த ரெண்டாவது சுற்றை மட்டும் விட்டுறாதீங்க. அது இல்லன்னா சொன்னது காத்தோட போயிரும்.

செந்தூல்வாசி
எல்லாம் சரி, ஆனா பெரியவங்க பிள்ளையா நடிச்சா எவரும் தடுக்கி விழமாட்டாங்களே. அஞ்சு வாக்கியமும் ரெண்டு நிமிசத்துல தயார். பார்வையாளர் எதை எழுதுவாரு?

மாடி வகுப்பு
நல்ல கேள்வி. மாணவரா உட்கார்றவங்கள்ல மூணு பேருக்கு ஆளுக்கொரு அட்டை கொடுங்க. ஒருத்தருக்குப் பேச வரும், எழுத வராது. இன்னொருத்தர் பக்கத்துல இருக்கிறவரோடதைப் பார்த்துதான் எழுதுவாரு. மூணாவது ஆள் சீக்கிரம் முடிச்சிட்டு மத்தவங்களைக் கலாய்க்கிறவரு. நாலாவது ஆளுக்கு அட்டை வேண்டாம். பார்வையாளருக்கு இந்த அட்டைங்க தெரியக்கூடாது. நிஜப் பிள்ளைங்க மாதிரி வராது, ஒத்துக்கிறேன்.

கரும்பலகை
சீனியர் ஆசிரியர்களை நடிக்க வைக்கப் போறீங்களா? இருபது வருசம் வகுப்பு எடுத்தவரை எல்லார் முன்னாலயும் நிக்க வச்சு "மூணு பேர் பென்சில் எடுக்கல"ன்னு சொன்னா அடுத்த பட்டறைக்கு எம்சி லீவு போட்டுருவாரு. நான் பார்த்திருக்கேன். கற்றல் தரம் தெரியாம படத்தை வச்சு விளையாடினா வகுப்புசார் மதிப்பீட்டுல அடைவுநிலையை எதை வச்சுப் போடுவாங்க?

மாடி வகுப்பு
கற்றல் தரத்தைப் பார்க்கணும், அதுல சண்டை இல்ல ஐயா. அந்த ரெண்டு பக்கத்துக்கு மட்டும் பார்த்தா பத்து நிமிசம். முழு நூலுக்கும் அட்டவணை போடுறது ஒருத்தர் வீட்டுல உட்கார்ந்து செய்யற வேலை. அதுக்கு 9 பேர் எதுக்கு?

சீனியர் விசயத்துல நீங்க சொல்றது நியாயம். நடத்த வேண்டாம்னு நினைச்சா இன்னொரு வழி இருக்கு: இரண்டாம் ஆண்டுப் பிள்ளைங்க ஏற்கனவே எழுதின நாலு தாள், பெயரை மறைச்சு நகலெடுங்க. அதே மூணு வரி, ஆனா தாளைப் பார்த்து. சங்கடம் குறையும். பாடத்தைப் பார்க்க முடியாது, பாடம் முடிஞ்சு மிச்சம் விழுந்ததைத்தான் பார்க்க முடியும்.

மல்லிகா அக்கா
2018-ல ஆங்கிலத்துக்கு சூப்பர் மைண்ட்ஸ் பாடநூல் வந்தப்ப எங்களுக்கும் பயிற்சி நடந்துச்சு. போய் வந்தவங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. எங்க பள்ளிக்கு வந்து சேர்றப்ப மிஞ்சினது ஸ்லைடு மட்டும்தான். நூல் நல்ல நூல்தான், ஆனா பிள்ளைங்க பை கனம்! ஒரு பாடத்துக்குப் பாடநூல், நடவடிக்கை நூல், பயிற்றி, எல்லாம் தூக்கிட்டு மாடி ஏறுறாங்க.

செந்தூல்வாசி
பை கனத்துக்குப் பாடநூல் மட்டுமா காரணம்? பள்ளியே வாங்கச் சொல்ற பயிற்சி நூல்களை எடுத்துப் போட்டுப் பாருங்க.

கரும்பலகை
அதுக்குத் தனி இழை இருக்கு. தேடுங்க.

மல்லிகா அக்கா
தேடுறேன் ஐயா, தேடுறேன். உங்க பையை நீங்களே தூக்குறீங்கதானே?

பட்டர்வொர்த் டீச்சர்
நன்றி எல்லாருக்கும், முடிஞ்சது. நூல் மூணு பிரதிதான் வந்துச்சு, ரெண்டு பக்கம் எடுத்ததால நகலே போதுமா இருந்துச்சு. சீனியர்ல ஒருத்தர் தானே நடத்துறேன்னு முன்வந்தாரு! சீட்டு வேலை செஞ்சது, "மாணவரா உட்கார்ந்தவங்கள்ல ஒருத்தர் நாலு தடவை பக்கத்துத் தாளைப் பார்த்தாரு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. ரெண்டாவது சுற்றுக்கு நேரம் போதல, திட்டமிடல்லயே 35 நிமிசம் போயிருச்சு. இப்ப தலைமையாசிரியர் சீட்டெல்லாம் பணித்தியக் கோப்புல வைக்கணும்கிறாரு.

மாடி வகுப்பு
திட்டமிடலுக்கு அடுத்த தடவை மணி அடிங்க. ஆனா சீட்டு கோப்புக்குப் போகும்னு தெரிஞ்சா அடுத்த தடவை எல்லாரும் "சிறப்பு"ன்னுதான் எழுதுவாங்க டீச்சர். சீட்டு நடத்துனவர் கையிலயே இருக்கட்டும். கோப்புக்கு என்ன மாத்தப் போறோம்னு ஒரு வரி போதும்னு கேட்டுப் பாருங்க.

கரும்பலகை
ஆதாரம் இல்லாம கோப்பு எதுக்கு? நாளைக்கு மேற்பார்வைக்கு வந்தா எதைக் காட்டுறது?

செந்தூல்வாசி
டீச்சர், அந்த மூணு அட்டையில என்ன எழுதினீங்கன்னு போட முடியுமா? எங்க பணித்தியத்துக்கு அடுத்த மாசம் தேவைப்படும்.