வங்கியில் கட்டிய ரொக்கத்தை வருமானமாகச் சேர்த்துவிட்டார்கள்: மேல்முறையீட்டு அனுபவம்

அம்பத்தூர்க்காரர்: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய இயந்திரம் ஒன்று வாங்க வங்கியிலிருந்து 10 லட்சம் ரொக்கமாக எடுத்தேன். பேரம் முறிந்தது. நான்கு மாதம் கழித்து அதே கணக்கில் திரும்பக் கட்டினேன். இத்தனை நாள் பணத்தை யாரும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்று கூறி, வருமான வரிச் சட்டப் பிரிவு 69A-இன் கீழ் முழுத் தொகையையும் கணக்கில் காட்டாத வருமானமாகச் சேர்த்துவிட்டார் மதிப்பீட்டு அதிகாரி. அந்த ஆண்டுக்கு இதற்கு வரி 60 சதவீதம். கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் 78. அதாவது 7,80,000 ரூபாய், வட்டி தனி.

டிமாண்ட் நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக்கான படிவம் 35-ஐ இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். முதல் வரைவில் புலம்பல்தான் அதிகம் இருந்தது. ஆடிட்டர் அதை அடித்துவிட்டு எழுதிய முக்கியக் காரணம் இதுதான்: 'எடுத்த பணம் வேறு எதற்கோ செலவானதாக ஆணையில் எங்கும் நிறுவப்படவில்லை; ஆகவே அதே பணம் திரும்பி வந்தது என்ற விளக்கத்தை ஊகத்தால் தள்ள முடியாது.' தேதிவாரியான ரொக்க வரவு செலவுப் பட்டியலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்தோம்.

வடபழனி வாசகர்: கேட்ட வரியில் 20 சதவீதம் கட்டாமல் மேல்முறையீட்டை ஏற்கவே மாட்டார்களே?

மயிலாப்பூர் ஆடிட்டர்: பாதி சரி, ஐயா. மேல்முறையீடு ஏற்கப்பட, நீங்களே கணக்கில் காட்டிய வருமானத்துக்கான வரி கட்டியிருந்தால் போதும். 20 சதவீதம் என்பது, வழக்கு முடியும்வரை மீதியை வசூலிக்காமல் நிறுத்திவைக்க. அதற்கு மதிப்பீட்டு அதிகாரியிடம் தனி மனு கொடுக்க வேண்டும். மேல்முறையீடு போட்டுவிட்டோமே என்று சும்மா இருந்தால் வங்கிக் கணக்கை முடக்கலாம்.

அம்பத்தூர்க்காரர்: உண்மை. 1,56,000 கட்டி மனு கொடுத்த பிறகுதான் மீதிக்கு நிறுத்தம் கிடைத்தது.

தாம்பரம் அம்மா: என் கணவரின் டிடிஎஸ், பிடித்த வரியைக் காட்டும் 26AS பட்டியலில் இருக்கிறது, ஆனால் வரியைக் கணக்கிட்டபோது துறை அதைக் கழிக்கவில்லை. நாங்களும் மேல்முறையீடா?

மயிலாப்பூர் ஆடிட்டர்: வேண்டாம் அம்மா. உங்களுடையது கண்ணுக்குத் தெரியும் பிழை. முதலில் திருத்த மனு போடுங்கள். அம்பத்தூர் நண்பரே, இயந்திரம் விற்கவிருந்தவரின் கடிதத்தை அதிகாரியிடம் அப்போதே கொடுத்தீர்களா?

அம்பத்தூர்க்காரர்: இல்லை. அவர் ஊரில் இல்லாததால் கடிதம் ஆணைக்குப் பிறகுதான் கிடைத்தது.

மயிலாப்பூர் ஆடிட்டர்: அப்படியானால் அது கூடுதல் சான்று. வெறுமனே பதிவேற்றினால் ஒதுக்கிவிடுவார்கள். விதி 46A-இன் கீழ், முன்பே தர முடியாமல் போன காரணத்தைச் சொல்லி மனு வேண்டும். பிறகு அதிகாரியின் கருத்தை அறிக்கையாகக் கேட்பார்கள். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பதில் கொடுங்கள்.

வேளச்சேரி வாசகர்: மின்னஞ்சல் வேறு பெட்டிக்குள் போய், ஆணையைப் பார்க்கவே 2 மாதம் தாமதம். கதவு மூடிவிட்டதா?

மயிலாப்பூர் ஆடிட்டர்: தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு. காரணத்தைத் தேதிகளோடு பிரமாணப் பத்திரமாக எழுதி, படிவத்தோடு சேர்த்தே கொடுங்கள். ஏற்பார்களா என்பது அந்தக் காரணத்தைப் பொறுத்தது.

அம்பத்தூர்க்காரர்: 46A மனுவைப் போட்டுவிட்டேன். அதிகாரியின் அறிக்கை இன்னும் வரவில்லை.